காற்றாலை யூனிட்டை இரண்டு தடவை கழித்த மில்

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு நூல் மில்லில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். நூல் வாங்கும் கம்பெனி எங்கள் கார்பன் கணக்கை ஆடிட் பண்ணித் தரச் சொல்கிறது. புகையை எப்படி ஆடிட் பண்ணுவார்கள்? என்னென்ன கேட்பார்கள்?

புகையை அளக்க யாரும் கருவியோடு வரமாட்டார்கள். நூல் மில்லில் கார்பன் என்றால் பெரும்பங்கு மின்சாரம்தான். வாங்கிய யூனிட்டை மத்திய மின்சார ஆணையம் அந்த வருஷத்துக்குக் கொடுத்திருக்கும் எண்ணால் பெருக்குகிறோம், அவ்வளவுதான். 2023-24க்கு அந்த எண் 0.727, அதாவது 1,000 யூனிட்டுக்கு 0.727 டன் கார்பன் டை ஆக்சைடு. எண் எந்த வருஷத்துடையது என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. யூனிட் சரியா என்று பார்ப்பதில்தான் நாள் போகும்.

பணக் கணக்கில் விற்பனையைக் கூட்டிக் காட்டியிருப்பார்களோ என்று சந்தேகப்படுவோம். இங்கே நேர்மாறாக, எதையாவது விட்டிருப்பார்களோ என்பதுதான் பயம். அதனால் எக்செல்லில் இருக்கும் எண்ணுக்கு பில் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, ஏனென்றால் விட்டுப்போனது எக்செல்லிலேயே இருக்காது. நம் ஊர்ப் பெரியவர்கள் சிட்டையில் தொடங்கிப் பேரேட்டுக்குப் போவார்களே, அந்தத் திசையில் போக வேண்டும். முதலில் ஹெச்.டி. யார்டில் மீட்டர் முன்னால் போய் நின்று, மீட்டர் எண்ணும் பெருக்கும் எண்ணும் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். மில்லுக்கு எத்தனை இணைப்பு என்றும் கேட்பேன். தொழிலாளர் விடுதிக்குத் தனி இணைப்பு இருந்து, அதன் பில் வேறு கணக்குத் தலைப்பில் போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். டீசலுக்கும் இதே வழிதான். ஸ்டோர் ரிஜிஸ்டரோடு நிறுத்தாமல், பேரேட்டில் வாகனச் செலவு, சில்லறைச் செலவு எல்லாம் புரட்டி, ஜெனரேட்டருக்கு பங்க்கில் வாங்கிய கேன் டீசல் அதில் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

சரி, எனக்குக் கிடைத்த ஒரு கேஸைச் சொல்கிறேன், மில் பெயர் வேண்டாம். அவர்களுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. ஆகஸ்ட் மாத பில்லில் மொத்தம் 5,00,000 யூனிட், காற்றாலைக் கழிவு 1,80,000, மீதி 3,20,000. எக்செல் போட்ட தம்பி "வாங்கிய மின்சாரம்" என்ற கட்டத்தில் 3,20,000 எழுதிவிட்டார். கீழே "கழிக்க: காற்றாலை" என்று ஒரு வரி, அதில் 1,80,000. பில்லில் ஏற்கெனவே கழித்ததை மறுபடியும் கழித்ததால் நின்றது 1,40,000. 232.6 டன் வர வேண்டிய இடத்தில் 101.8 டன்.

அதை நான் பில்லைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. உற்பத்தி ரிஜிஸ்டரில் இருந்து மாதாமாதம் நூல் எத்தனை கிலோ என்று எடுத்து, எக்செல்லில் இருந்த மொத்த மின்சாரத்தை, காற்றாலையும் சேர்த்து, அதால் வகுத்துப் பார்த்தேன். மற்ற மாதங்களில் கிலோவுக்கு 4 யூனிட் ஒட்டியே வந்தது. ஆகஸ்டில் நூல் 1,25,000 கிலோ, கிலோவுக்கு 2.56 யூனிட்தான். கவுன்ட் மாறவில்லை, புது மெஷின் வரவில்லை, அப்படியிருக்க கதிர் இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் சுற்றாது. காற்று சீசன் மாதங்களில் மட்டும் இறங்கி, அக்டோபரில் பழைய இடத்துக்கே வந்ததைப் பார்த்ததும் காற்றாலை வரியைத்தான் முதலில் திறந்தேன். வருஷம் முழுக்க அப்படி இரண்டாம் தடவை கழித்தது 9,00,000 யூனிட். அவர்கள் காட்டியது 3,053 டன், இருக்க வேண்டியது 3,708 டன். பிழைக்குப் பொதுவாக 5 சதவீதத்தை ஒட்டி எல்லை வைப்போம், இது ஏறக்குறைய 18 சதவீதம். திருத்தாமல் கையெழுத்துப் போடவே முடியாது.

இன்னொன்று, காற்றாலை யூனிட்டைக் கழிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்றும் கேட்பார்கள். அந்த யூனிட்டுகளுக்கான பசுமைச் சான்றிதழை வெளியே விற்றிருந்தால் அந்தப் பலன் வாங்கியவருக்குப் போய்விட்டது, நீங்கள் பூஜ்யம் போடக் கூடாது.

வாங்கும் கம்பெனி கார்பனோடு விபத்து எண்ணிக்கை மாதிரியானவற்றையும் கேட்டால், அதற்கு ஹெச்.ஆர். கொடுக்கும் ஒற்றைத் தாளை நம்பமாட்டோம். இ.எஸ்.ஐ.க்குப் போன விபத்து அறிக்கை, முதலுதவி ரிஜிஸ்டர், மஸ்டரில் திடீரென்று தொடர்ந்து விடுப்பு விழுந்த பெயர்கள், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கான்ட்ராக்டர் வழியாக வந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள்தான் இதில் அடிக்கடி விடுபடுவார்கள், அது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம்.

ஆடிட்டர் கொடுக்கும் உறுதியில் இரண்டு வகை உண்டு. லிமிடெட் அஷ்யூரன்ஸ் என்றால் பெரும்பாலும் விசாரணையும் நான் மேலே சொன்ன கிலோக் கணக்கும்தான். ரீசனபிள் என்றால் நேரில் வருவது, மீட்டர் பார்ப்பது, பில் பில்லாகச் சோதிப்பது எல்லாம் உண்டு. வாங்கும் கம்பெனி எது கேட்கிறது என்று முதலில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம் 12 ஹெச்.டி. பில், காற்றாலை அட்ஜஸ்ட்மென்ட் தாள், மாத உற்பத்தி, டீசல் பில்லோடு தொடக்க இருப்பும் கடைசி இருப்பும் எடுத்து வைத்து, கிலோக் கணக்கை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். முந்தின வருஷத்துக்கும் சேர்த்துப் போடுங்கள். அந்த மில்லில் அதே எக்செல்தான் முந்தின வருஷமும் ஓடியிருந்தது, அந்த எண்ணையும் திருத்தி, ஏன் மாறியது என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டி வந்தது.