கஸ்ஸாலியும் பஞ்சும் நெருப்பும்

“பஞ்சை நெருப்பு எரிக்கவில்லை என்று இமாம் கஸ்ஸாலி சொன்னாராமே, அப்படியானால் அவர் அறிவுக்கே எதிரியா? கட்டுரையில் எப்படி எழுதுவது?”

எதிரி என்று எழுதிவிடாதீர்கள். நெருப்பின் இயல்பே எரிப்பது, பஞ்சு பட்டால் எரிந்தே தீரும் என்றார் கஸ்ஸாலிக்கு முன் வாழ்ந்த தத்துவஞானி இப்னு சீனா. சரி, அப்புறம் நெருப்பில் எறியப்பட்ட இப்ராஹீம் நபி பிழைத்தது எப்படி? கஸ்ஸாலி 1095 வாக்கில் தத்துவஞானிகளை மறுத்து எழுதிய நூலின் 17ஆம் விவாதம் இதுதான். நாம் கண்டது நெருப்பு பட்டபோது பஞ்சு எரிந்ததை மட்டுமே. நெருப்பால்தான் எரிந்தது என்பதைக் கண் காட்டவில்லை. எரிப்பவன் இறைவன், நாம் காண்பது அவன் வழக்கம் என்கிறார்.

பலரும் படிக்காமல் விடும் இடம் அடுத்து வருகிறது. நெருப்புக்கு இயல்பு உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் அற்புதம் நடக்கலாம் என்று இன்னொரு வழியும் காட்டுகிறார்: டால்க் என்ற கனிமத்தூளைப் பூசிக்கொண்டவர் எரியும் உலையில் உட்கார்ந்தாலும் வேகமாட்டார். அதுபோல உடலின் தன்மையையோ நெருப்பின் தன்மையையோ இறைவன் மாற்றலாம்.

பின்னர் வந்த தத்துவஞானி இப்னு ருஷ்து இதைக் கடுமையாக மறுத்தார். காரணங்களை அறிவதுதான் அறிவு. அவற்றை நீக்கினால் அறிவே இல்லை என்பது அவர் வாதம். என் பார்வையில் அந்த அடி முதல் வழியின் மீதே பலமாக விழுகிறது. இரண்டு வழிகளையும் கட்டுரையில் தனித்தனியாக எழுதுங்கள்.