பெயர் நீக்கப்பட்ட கம்பெனியை மீட்கலாமா? வாசகர் கேள்விகள்

எங்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனி சில வருடங்களாக ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை. 2021-ல் கம்பெனிகள் பதிவாளர் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டார். கம்பெனி பெயரில் உள்ள கட்டடத்திலிருந்து அப்போதும் வாடகை வந்தது, இப்போதும் வருகிறது. மூன்று வருடக் கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள். இனி வழியில்லையா?

வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 252-ஆவது பிரிவில் இரண்டு கதவுகள் உண்டு. நீக்கிய உத்தரவால் பாதிக்கப்பட்டவர் யாராயிருந்தாலும் முதல் உட்பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத்தான் மூன்று வருடம். மூன்றாம் உட்பிரிவில் கம்பெனி, பங்குதாரர், கடன் கொடுத்தவர், தொழிலாளி ஆகியோர் அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து 20 வருடத்துக்குள் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். நீங்கள் பங்குதாரர் என்றால் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

நீக்கிய சமயத்தில் கம்பெனி இயங்கிக்கொண்டிருந்தது, அல்லது அதை மீட்பது நியாயம் என்று தீர்ப்பாயத்துக்குத் தோன்றவேண்டும். வெறும் பிரமாண வாக்குமூலம் போதாது. வாடகை ஒப்பந்தம், அந்த வருடங்களின் வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், சொத்துப் பத்திரம் எல்லாவற்றையும் மனுவோடு வையுங்கள். அவற்றின் தேதிகள் 2021-க்கு முந்தைய வருடங்களையும் தொடவேண்டும், அதுதான் முக்கியம்.

செலவையும் இப்போதே கணக்குப் போடுங்கள். மீட்ட பிறகு நிலுவையிலுள்ள நிதிநிலை அறிக்கைக்கான AOC-4, ஆண்டு அறிக்கைக்கான MGT-7 படிவங்களைத் தாக்கல் செய்யும்போது, தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படிவத்துக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். மூன்று வருடத் தாமதம் என்றால் ஒரு படிவத்துக்கே 1,09,500 ரூபாய். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் இது தனித்தனியாக ஏறும்.

தீர்ப்பாயம் உத்தரவு போட்டுவிட்டது. ஆனால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இன்னும் Strike Off என்றுதான் இருக்கிறது. ஏன்?

உத்தரவு தானாகப் பதிவேட்டுக்குப் போய்ச் சேராது. சான்றிட்ட நகலை 30 நாளுக்குள் INC-28 படிவத்தில் நீங்கள்தான் தாக்கல் செய்யவேண்டும். அப்புறம்தான் பதிவாளர் உத்தரவை அரசிதழில் வெளியிட்டு நிலையை மாற்றுவார். நிலுவைக் கணக்கு, செலவுத் தொகை என்று உத்தரவில் நிபந்தனை இருந்தால் அதையும் நிறைவேற்றுங்கள்.

நான் வாங்கப்போகும் கம்பெனியை அமைச்சகத் தளம் Active என்று காட்டுகிறது. முன்பு நீக்கப்பட்டிருந்தால் எப்படித் தெரியும்?

அந்த முதல் பக்கம் இன்றைய நிலையைத்தான் சொல்லும். மீட்கப்பட்ட கம்பெனி, பெயர் நீக்கப்படாதது போன்ற நிலைக்கே கூடுமானவரை திரும்புகிறது. ஆனால் நீக்கிய தடயம் அழிவதில்லை. கட்டணம் கட்டி, கம்பெனி தாக்கல் செய்த பொது ஆவணங்களைத் திறந்து பாருங்கள். தீர்ப்பாய உத்தரவோடு ஒரு INC-28 இருக்கும். அதை ஒட்டி, நாலைந்து வருடக் கணக்குகள் ஒரே மாதத்தில் வரிசையாக ஏறியிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம். பெயர் நீக்கத்தைச் சொல்லும் பதிவாளரின் STK-7 அறிவிப்பையும் அரசிதழில் தேடி எடுத்து, நீக்கிய தேதிக்கும் மீட்ட தேதிக்கும் நடுவில் கம்பெனி போட்ட ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள்.

கம்பெனி மீண்டுவிட்டது. இயக்குநர் தகுதியிழப்பும் தானாகப் போய்விடுமா?

போகாது. அது கணக்குத் தாக்கல் செய்யாததால் 164(2) பிரிவின் கீழ் வரும் தனி விவகாரம். தீர்ப்பாய உத்தரவில் அதைப்பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.