தாமதமான சரக்கைப் பற்றிக் கேட்டால்

"திருப்பூர் பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. ஷிப்மென்ட் தாமதமானால் பையரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்பார்களாம். மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறென்ன சொல்வது?"

மன்னிப்புக்கு ஒரு வரி போதும். தாமதத்தை எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தீர்கள் என்பதைத்தான் அவர்கள் முக்கியமாகப் பார்ப்பார்கள்.

ஓர் உதாரணத்தோடு பேசுங்கள். மூன்று நிறங்களில் 9,000 டி-ஷர்ட். நீலத் துணி மட்டும் பையர் ஒப்புக்கொண்ட லேப் டிப் நிறத்தோடு பொருந்தவில்லை. மறுசாயத்துக்கு 6 நாள் ஆகும். சாயப்பட்டறையில் "நாளைக்கு வந்துவிடும்" என்று போனில் சொல்வதை நம்பாமல், நேரில் போய்த் துணியைப் பார்த்ததால் இது வெட்டுவதற்கு முன்பே தெரிந்தது. கூடுதல் நேரம் தைத்தால் 2 நாளை மீட்கலாம் என்று தையல் பிரிவு உறுதி சொல்கிறது. ஆகவே நிகரத் தாமதம் 4 நாள்.

அன்றே பையருக்கு மின்னஞ்சல்: ஆர்டர் எண், தாமதமாகும் நிறம், எண்ணிக்கை, காரணம், புதிய தேதி. மற்ற இரண்டு நிறங்களையும் உரிய நாளில் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் அனுப்பலாமா என்ற கேள்வியும் அதிலேயே இருக்க வேண்டும். "விரைவில் அனுப்புகிறோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். தேதி இல்லாத பதிலை வைத்து அவரால் எதையும் திட்டமிட முடியாது.

விமானத்தில் அனுப்புவதாக நீங்களாக வாக்குக் கொடுக்க மாட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தவறு நம் பக்கம் என்றால் அந்தக் கட்டணம் பெரும்பாலும் நிறுவனத்தின் தலையில்தான் விழும்; ஆர்டரின் லாபமே போய்விடலாம். அதை நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும்.