அம்பின் கூர்முனை யாருடைய வாயில்? உணவு வலை, ஆற்றல் பிரமிடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பாம்பு தவளையைத் தின்கிறது. ஆகவே அம்பு பாம்பிலிருந்து தவளையை நோக்கித்தானே போக வேண்டும்? என் மகளின் விடையை ஆசிரியர் தவறு என்று அடித்துவிட்டார். (ஒரு தந்தை, கும்பகோணம்)

ஆசிரியர் செய்தது சரி. உணவு வலையில் அம்பு வேட்டையின் திசையைக் காட்டுவதில்லை, உணவு போகும் திசையைக் காட்டுகிறது. தவளையின் உடலில் சேர்ந்திருந்த ஆற்றலும் சத்தும் பாம்பின் உடலுக்குள் போகின்றன. அதனால் அம்பு தவளையில் தொடங்கிப் பாம்பில் முடியும். கூர்முனை எப்போதும் தின்னும் உயிரின் வாயில் இருக்க வேண்டும்.

உங்கள் மகள் ஒவ்வோர் அம்பையும் வாய்விட்டுப் படிக்கட்டும்: "நெல்லில் இருந்த ஆற்றல் வெட்டுக்கிளிக்குப் போகிறது, வெட்டுக்கிளியில் இருந்த ஆற்றல் தவளைக்குப் போகிறது." அம்பைத் திருப்பிப் போட்டிருந்தால், பாம்பில் இருந்த ஆற்றல் தவளைக்குப் போவதாக வரும். தவறு அங்கேயே காதில் விழுந்துவிடும்.

சூரியனிலிருந்து நெல்லுக்கு அம்பு போடலாமா?

ஆற்றல் ஓட்டப் படம் என்றால் போட வேண்டும். உணவு வலை என்றால் தேவையில்லை, நெல் சூரியனைத் தின்பதில்லை. உணவு வலைப் படத்திலும் சூரியன் வரையப்பட்டிருந்தால், அந்த ஓர் அம்பை மட்டும் "ஒளி ஆற்றல் வந்து சேர்கிறது" என்று தனியாகப் படியுங்கள்.

எங்கள் பாடத்தில் உள்ள வயல் உணவு வலையில் பாம்புக்கு எலியிலிருந்து ஓர் அம்பும், தவளையிலிருந்து ஓர் அம்பும் வருகின்றன. பாம்பு எந்த ஊட்டமட்டம்? இரண்டு வழிகாட்டி நூல்கள் இரண்டு விடை சொல்கின்றன. (பத்தாம் வகுப்பு மாணவி, திருவாரூர்)

கவனமாகப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நூல்களும் பாதி விடையைத்தான் சொல்லியிருக்கின்றன. ஊட்டமட்டம் என்பது விலங்கின் மேல் ஒட்டிய நிரந்தர முத்திரை அன்று. நெல்லிலிருந்து அந்த விலங்கு வரை எத்தனை அம்புகளைக் கடந்து வந்தீர்கள் என்பதைப் பொறுத்து அது அமையும்.

நெல், எலி, பாம்பு என்ற வழியில் இரண்டு அம்புகள் உள்ளன. நெல் முதல் மட்டம், ஆகவே பாம்பு மூன்றாம் மட்டம். நெல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்ற வழியில் மூன்று அம்புகள். அங்கே அதே பாம்பு நான்காம் மட்டம். தேர்வில் எந்தச் சங்கிலியைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். சங்கிலியைக் குறிப்பிடாமல் கேட்டால் இரண்டு வழிகளையும் எழுதி, "மூன்றாம் மட்டத்திலும் நான்காம் மட்டத்திலும்" என்று சொல்லுங்கள். ஆய்வாளர்கள் பாம்பின் உணவில் பாதி எலியிலிருந்தும் பாதி தவளையிலிருந்தும் வந்தால் அதன் மட்டத்தை 3.5 என்றே கணக்கிடுவார்கள்.

வயலில் தவளைகள் அழிந்துவிட்டால் வெட்டுக்கிளிகள் பெருகும் என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்குமா?

மதிப்பெண்ணை மட்டும் கேட்கிறீர்கள், படத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. வெட்டுக்கிளியிலிருந்து வேறு எங்கெல்லாம் அம்பு போகிறது என்று முதலில் பாருங்கள். மைனாவுக்கும் சிலந்திக்கும் போகிறது என்றால், தவளை போன பிறகும் வெட்டுக்கிளியைத் தின்ன ஆட்கள் இருக்கிறார்கள். அப்போது "பெருகக்கூடும்" என்று எழுதலாம், "பெருகும்" என்று அடித்துச் சொல்ல முடியாது. தவளையிலிருந்து வெளியே போகும் அம்பையும் மறக்க வேண்டாம். பாம்புக்கு ஒரு வழி அடைபடும்போது எலியின் மேல் அதன் பசி கூடும்.

அம்பு யார் யாரைத் தின்கிறார் என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. எல்லாக் கோடுகளும் ஒரே தடிப்பில் வரையப்பட்ட படத்தில் அளவைத் தேட வேண்டாம். அளவு வேண்டுமென்றால் அலகு போட்ட ஆற்றல் படத்துக்குப் போக வேண்டும்.

பிரமிடில் 10000, 1000, 100, 10 என்று போட்டிருக்கிறோம். சரியா? உடனே பதில் வேண்டும், செயல்திட்டம் நாளை. (பள்ளி மாணவர் குழு)

10000 என்ன? கிலோகலோரியா, கிராமா, வெட்டுக்கிளிகளின் எண்ணிக்கையா? எவ்வளவு பரப்பில், எவ்வளவு காலத்தில்? அலகு இல்லாத பிரமிடை யாராலும் சரியென்றோ தவறென்றோ சொல்ல முடியாது. பல முறை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்: அலகை முதலில் பாருங்கள்.

எண்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிகிறது. ஒரு மட்டத்தின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த மட்டத்துக்குப் போகும் என்ற 10 சதவீத விதியை வைத்து ஒரு சுழியத்தை எடுத்துக்கொண்டே போயிருக்கிறீர்கள். இந்த விதியைப் பாடநூல்கள் நடத்தும் விதம் எனக்கு நெடுநாள் மனக்குறை. 1942-இல் சூழலியலாளர் ரேமண்ட் லிண்ட்மேன் இதை அறிவித்தார் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள சீடர் பாக் ஏரியை ஆராய்ந்து அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், தாவர உண்ணிகளுக்குச் சுமார் 13 சதவீதமும், அவற்றைத் தின்பவைகளுக்குச் சுமார் 22 சதவீதமும் கணக்கிட்டிருந்தார். மேலே போகப் போக விகிதம் கூடுவதாகவே அவருக்குத் தோன்றியது. எல்லா மட்டத்திலும் ஒரே பத்து என்று அவருடைய எண்கள் சொல்லவில்லை.

உண்மையில் அளந்த ஒரு பிரமிடைப் பாருங்கள். புளோரிடாவில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற தெளிந்த நீரூற்று இருக்கிறது. சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் அங்கே அளந்து 1957-இல் வெளியிட்ட கணக்கை முழு எண்களாக்கித் தருகிறேன். அலகு, ஒரு சதுர மீட்டருக்கு ஓர் ஆண்டில் இத்தனை கிலோகலோரி.

நீர்த் தாவரங்களும் பாசிகளும் ஒளிச்சேர்க்கையில் பிடித்தது 20,800. அதில் 12,000-ஐத் தம் சுவாசத்துக்கே செலவிட்டன. மீதி 8,800 தாவர உடலாகச் சேர்ந்தது. அடுத்த மட்டத்துக்குக் கிடைக்கக்கூடியது இவ்வளவுதான். தாவர உண்ணிகள் அதில் எடுத்துக்கொண்டது 3,400. அவை சுவாசத்தில் 1,900 செலவழித்தன, 1,500 உடலாயிற்று. அவற்றைத் தின்ற ஊனுண்ணிகளுக்குப் போனது 380. உச்சியில் உள்ள ஊனுண்ணிகளுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 21.

ஒவ்வொரு மட்டத்துக்கும் வந்ததைக் கீழ்மட்டத்துக்கு வந்ததால் வகுத்துப் பாருங்கள். 3,400-ஐ 20,800-ஆல் வகுத்தால் 16 சதவீதம். 380-ஐ 3,400-ஆல் வகுத்தால் 11. 21-ஐ 380-ஆல் வகுத்தால் ஐந்தரை. ஒரே ஊற்றில் மூன்று படிக்கு மூன்று விகிதம். உடலாகச் சேர்ந்ததை மட்டும் எடுத்து 1,500-ஐ 8,800-ஆல் வகுத்தால் 17 வரும். எதை எதனால் வகுத்தீர்கள் என்று சொல்லாமல் சதவீதம் எழுதுவதில் பொருளே இல்லை. பத்து என்பது தோராயமான ஒரு கைக்கணக்கு, அவ்வளவே. தேர்வில் கேட்டால் பயன்படுத்துங்கள். இயற்கையின் சட்டம் என்று எழுதாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு "மீதி 90 சதவீதம் வெப்பமாகப் போய்விடுகிறது" என்ற வரி. சில்வர் ஸ்பிரிங்ஸில் தாவர உடலாகச் சேர்ந்த 8,800-இல் 5,400-ஐத் தாவர உண்ணிகள் தொடவே இல்லை. அது அந்தக் கணத்தில் வெப்பமாகிவிடவில்லை. பெரும்பகுதி மட்கும் பொருளாக, பாக்டீரியா, பூஞ்சை போன்ற சிதைப்பவைகளிடம் போனது, ஒரு பகுதியை ஓடும் நீர் கீழே இழுத்துச் சென்றது. சிதைப்பவைகளுக்குக் கிடைத்தது 5,000-க்குச் சற்று மேல். ஊனுண்ணிகள் இரண்டு மட்டங்களையும் சேர்த்தாலும் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு தடித்த ஓர் அம்பைப் படத்தில் வரையாமலே விட்டுவிட்டு, எஞ்சியதை "வெப்பம்" என்று மூடி மறைப்பதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

கணக்கை மூடிப் பார்த்தால் நன்றாகப் பொருந்துகிறது. தாவரங்கள், விலங்குகள், சிதைப்பவைகள் எல்லாவற்றின் சுவாசமும் சேர்ந்து 18,800. நீரோடு போனது 2,500. கூட்டினால் 21,300. உள்ளே வந்தது ஒளிச்சேர்க்கையில் 20,800, வெளியிலிருந்து 500. பார்வையாளர்கள் மீன்களுக்குப் போட்ட ரொட்டிகூட இந்த 500-இல் அடக்கம். உங்கள் செயல்திட்டத்துக்கு இந்த எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள், அலகோடு.

சிதைப்பவைகளைப் பிரமிடின் உச்சியில் வைக்கலாமா? எல்லாரையும் கடைசியில் அவைதானே தின்கின்றன? (ஆசிரியர், மதுரை)

வேண்டாம். உச்சியில் வைத்தால் அவை உச்ச ஊனுண்ணிகளை மட்டும் தின்பதாகப் பொருள்படும், அவற்றின் பங்கு 21-ஐவிடக் குறைவு என்றும் தோன்றும். பக்கத்தில் ஒரு தனிப் பெட்டி போட்டு, ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் அதற்கு ஓர் அம்பு இழுங்கள். மிகத் தடித்த அம்பு தாவர மட்டத்திலிருந்து வரட்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். பல படங்களில் சிதைப்பவையிலிருந்து தாவரத்துக்கு ஓர் அம்பு திரும்பும். அது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள் மண்ணுக்குத் திரும்புவதைக் காட்டுவது. ஆற்றல் அந்த வழியில் திரும்புவதில்லை, சிதைப்பவைகளின் சுவாசத்தில் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே அந்த அம்பை வேறு நிறத்தில் வரையச் சொல்லுங்கள். மண்புழுவை மைனா தின்பது வேறு. அங்கே மட்கிலிருந்து மண்புழுவுக்கும் மண்புழுவிலிருந்து மைனாவுக்கும் ஆற்றல் அம்பே போகிறது, கூர்முனை வழக்கம்போல் தின்னும் உயிரின் வாயில்.

ஆற்றல் பிரமிடு தலைகீழாக வருமா?

வராது. ஒவ்வொரு மட்டத்திலும் உள்ள உயிர்களின் எடையைக் காட்டும் உயிரித்திரள் பிரமிடு வரும். ஆங்கிலக் கால்வாயில் ஒரு சதுர மீட்டருக்குத் தாவர மிதவை உயிரிகள் 4 கிராம், அவற்றைத் தின்னும் விலங்கு மிதவை உயிரிகள் 21 கிராம் என்ற எண்கள் பாடநூல்களில் வரும். கல்லாப்பெட்டியில் இப்போது கிடக்கும் காசு வேறு, ஆண்டு முழுவதும் கல்லா வழியாக வந்துபோன காசு வேறு. தாவர மிதவைகள் மிக வேகமாகப் பெருகி உடனுக்குடன் தின்னப்படுகின்றன, அதனால் எந்த நேரம் அள்ளிப் பார்த்தாலும் கொஞ்சம்தான் இருக்கும். அலகைப் பாருங்கள்: கிராம் என்பது இருப்பு. ஆண்டுக்கு இத்தனை கிலோகலோரி என்பது ஓட்டம்.

இருபக்கமும் முனையுள்ள அம்பை வரையலாமா?

கூடாது, இரண்டு தனி அம்புகளாக வரையுங்கள். தட்டான் பூச்சியின் நீர்வாழ் இளம் பருவம் தலைப்பிரட்டையைத் தின்னும், வளர்ந்த தவளை பறக்கும் தட்டானைத் தின்னும். ஓர் அம்பு தலைப்பிரட்டையிலிருந்து தட்டானின் இளம் பருவத்துக்கு, மற்றொன்று வளர்ந்த தட்டானிலிருந்து வளர்ந்த தவளைக்கு. பருவத்தையும் பெட்டிக்குள் எழுதிவிட்டால் குழப்பம் வராது.