கேள்வி-பதில்: மகப்பேறும் வருகைப் பதிவும்

கே: கர்ப்பிணிகளுக்கு ஆறு மாத விடுப்பு சட்டப்படி உண்டுதானே? எங்கள் கல்லூரி தர மறுக்கிறது. (ஊர், படிப்பு குறிப்பிடாத வாசகி)

இல்லை. 26 வார விடுப்பு முன்பு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்தது; 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் வருகிறது. அது வேலை பார்க்கும் பெண்களுக்கானது. மாணவியருக்குப் பல்கலைக்கழகத்தின் தேர்வு விதிகளே பொருந்தும். எழுதுபவர்கள் தயவுசெய்து படிப்பு, பருவம், பல்கலைக்கழகம், கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்ற நான்கையும் குறிப்பிடுங்கள். இவை தெரியாமல் உருப்படியான பதில் எதையும் சொல்ல இயலாது.

கே: பி.ஏ. மூன்றாம் பருவம் படிக்கிறேன். கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் பிரசவம். “இப்போது டி.சி. வாங்கிக்கொண்டு போ, அடுத்த ஆண்டு சேர்ந்துகொள்ளலாம்” என்று துறையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (செங்கல்பட்டு)

வாங்காதீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் மிகுந்த வேதனை தருவது இந்த அறிவுரைதான். டி.சி. பெற்ற நொடியில் நீங்கள் அந்தக் கல்லூரியின் மாணவி அல்ல. அடுத்த ஆண்டு திரும்பி வரும்போது இடம் காலியாக இருக்க வேண்டும், பல்கலைக்கழகம் அனுமதிக்க வேண்டும், பாடத்திட்டம் மாறியிருந்தால் விடுபட்ட தாள்களையும் எழுத வேண்டும். அரசுப் பள்ளியில் படித்து வந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுபவராக இருந்தால், படிப்பை இடைவிடாமல் தொடர்பவருக்கே அது உரியது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு பருவத்தில் வருகை குறைந்தால் அந்தப் பருவம் மட்டுமே பாதிக்கப்படும்; டி.சி. வாங்கினால் படிப்பே கைநழுவக்கூடும். இந்த வேறுபாட்டை மாணவிக்கு எடுத்துச் சொல்லாமல், கைக்குழந்தையோடு சமாளிக்க முடியாது என்று தாங்களாகவே முடிவு கட்டி அனுப்பிவைக்கும் துறைகள் இன்றும் இருப்பது பெரும் அநீதி.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 90 வேலை நாட்கள். 75 சதவீதம் இருந்தால் தடையில்லை. 65 முதல் 74 வரை, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் செலுத்தி எழுதலாம். 50 முதல் 64 வரை இந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது. 50க்குக் கீழே போனால் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும். ஆனால் படிக்கும் காலத்தில் கருவுறும் திருமணமான மாணவியருக்குக் கண்டோனேஷனின் கீழ்வரம்பு 65 அல்ல, 55 என்று சென்னைப் பல்கலைக்கழக விதி தனியே சொல்கிறது. பல கல்லூரி அலுவலகங்களில் இந்த வரியை யாரும் படித்திருப்பதில்லை.

நீங்கள் வாந்தி, மயக்கம், ஸ்கேன் என்று ஏற்கெனவே 9 நாட்கள் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிரசவத்துக்கு ஆறு வாரம் எடுத்தால், வாரத்துக்கு ஐந்து நாள் என்ற கணக்கில் 30 நாட்கள் போகும். ஆக 39 நாட்கள் கழிந்து 51 நாட்கள் வந்திருப்பீர்கள். அது சுமார் 57 சதவீதம். பொது விதிப்படி இது தேர்வு எழுதத் தகுதியற்ற நிலை. மகப்பேறு விதிப்படி தகுதியான நிலை. ஆனால் அறுவைச் சிகிச்சையாகி இன்னும் இரண்டு வாரம் தங்க நேர்ந்தால் வருகை 46 சதவீதமாக இறங்கிவிடும். ஆகவே பிரசவத்துக்கு முன்பு, உடல் இடம் கொடுக்கும் நாட்களில் ஒரு வகுப்பையும் விடாதீர்கள். பருவத் தொடக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்ட நாட்கள்தாம் கடைசியில் காலை வாரிவிடுகின்றன.

விண்ணப்பத்தைப் பிரசவத்துக்கு முன்பே முதல்வருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை பெறுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓய்வு தேவை என்பது மருத்துவச் சான்றிதழில் இருக்க வேண்டும். “ஓய்வு தேவை” என்று மட்டும் எழுதிய சான்றிதழ் திரும்பி வந்துவிடும். தாய்-சேய் நல அட்டையின் நகலையும், பிறகு மருத்துவமனை டிஸ்சார்ஜ் அறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். வாய்மொழி அனுமதியை நம்பாதீர்கள். ஹால் டிக்கெட் வராத அன்று அதைச் சொன்னவர் நினைவில் வைத்திருக்கமாட்டார்.

பட்டப்படிப்பு மாணவியருக்கும் மகப்பேறு விடுப்பு விதிகளை வகுத்து, வருகையில் தளர்வு தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அது கேட்டுக்கொள்ளும் கடிதமே தவிர, கட்டாய ஒழுங்குமுறை அல்ல. கேரளத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் அதன் பிறகு 60 நாள் விடுப்பை விதியாகவே கொண்டுவந்தது. விண்ணப்பத்தில் யு.ஜி.சி. கடிதத்தைக் குறிப்பிடுங்கள், மறுப்பதானால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

கே: பி.எட். இரண்டாம் ஆண்டு. பள்ளிப் பயிற்சியின் நடுவில் பிரசவம் வருகிறது. சலுகை உண்டா? (திண்டுக்கல்)

இங்கே கவனம் தேவை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் பாட வகுப்புகளுக்கு 80 சதவீதமும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் கேட்கின்றன. 16 வாரப் பயிற்சி என்றால் சுமார் 80 நாட்கள். அதில் 8 நாட்களுக்கு மேல் விட முடியாது. எம்.எட். மாணவி ஒருவரின் வழக்கில் 59 நாள் மகப்பேறு விடுப்பைக் கருத்தில் கொள்ளுமாறு 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் அது பாட வகுப்புகளின் 80 சதவீதத்தை ஒட்டியது. அதே நீதிமன்றம் 2018இல் சட்டக் கல்லூரி மாணவி ஒருவருக்குத் தளர்வு தர மறுத்தும் இருக்கிறது. எனவே வழக்கை நம்பி இருக்காதீர்கள். சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பி.எட். முடிக்கலாம் என்று விதி இடம் தருகிறது. பயிற்சியை மட்டும் அடுத்த அணியினரோடு செய்ய அனுமதி கேட்டு இப்போதே எழுதுங்கள். பாதியில் விட்டுவிட்டுப் பிறகு கேட்காதீர்கள்.

கே: மனைவியின் பிரசவத்துக்கு எனக்கு வருகைச் சலுகை கிடைக்குமா? (எம்.எஸ்ஸி. மாணவர்)

இந்தத் தளர்வுகள் மாணவியருக்கு மட்டுமே. 75 சதவீதத்துக்கு மேல் உள்ள இடைவெளியை இதற்காகச் சேமித்து வையுங்கள்.

கே: முனைவர் பட்ட ஆய்வில் முதல் குழந்தைக்கு 120 நாள் எடுத்தேன். இரண்டாவது குழந்தைக்கு எடுக்க முடியாது என்கிறார் நெறியாளர். (கோவை)

யு.ஜி.சி.யின் 2016 விதியில் 240 நாள் விடுப்பு “ஒரு முறை” என்றிருந்தது. 2022 விதியில் அந்தச் சொல் இல்லை; ஆய்வுக் காலம் முழுமைக்கும் 240 நாள் வரை என்றே இருக்கிறது. மீதமுள்ள 120 நாட்களைக் கேட்க உங்களுக்கு இடமுண்டு. நீங்கள் எந்த விதியின் கீழ்ப் பதிவு செய்தீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

கே: தேர்வு நாளிலேயே பிரசவம் ஆகிவிட்டால்? பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்க இடையில் வெளியே விடுவார்களா? (வேலூர்)

வருகைத் தகுதி இருந்து, தேர்வுக் கட்டணமும் கட்டியிருந்தால், எழுதாத தாளை அடுத்த பருவத்தில் அரியராக எழுதலாம்; அக மதிப்பெண் அப்படியே இருக்கும். எழுத முடியாது என்று தோன்றினாலும் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். தரவரிசைக்கு முதல் முயற்சியில் தேறியிருக்க வேண்டும் என்பதால் அந்த வாய்ப்பு மட்டும் போய்விடலாம். செய்முறைத் தேர்வு இருந்தால், உங்கள் அணியை முன்கூட்டிய தேதிக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். துறை மனம் வைத்தால் இது எளிதில் நடக்கும்.

பால் கொடுக்க வெளியே விடுவதைத் தேர்வு மையத் தலைமைக் கண்காணிப்பாளர்தான் முடிவு செய்வார். பத்து நாட்களுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். தரைத்தள அறை, கழிப்பறைக்கு அருகிலுள்ள இருக்கை, குழந்தையோடு வரும் உறவினர் காத்திருக்க ஓர் அறை ஆகியவற்றையும் அதே கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வு நாள் காலையில் வாசலில் நின்று கேட்டால் எதுவும் கிடைக்காது.