58 சதவீதம் என்றால் பாதி இதயமா?

"அப்பாவுக்கு 61 வயது, தென்னந்தோப்பு பார்க்கிறார். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் பாலக்காட்டில் எக்கோ எடுத்தோம். இ.எஃப். 58%, மைல்டு எம்.ஆர்., ட்ரிவியல் டி.ஆர். என்று இருக்கிறது. டாக்டர் 'குழப்பமில்லா' என்று அனுப்பிவிட்டார். இதயம் பாதிதான் வேலை செய்கிறதா? வால்வில் ஓட்டையா?"
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

'குழப்பமில்லா' என்றால் மலையாளத்தில் 'பிரச்சினை இல்லை' என்று பொருள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

இ.எஃப். என்பது நூற்றுக்கு எடுக்கும் மார்க் அல்ல. இடது கீழறை விரியும்போது 120 மில்லி ரத்தம் நிறைகிறது என்று வையுங்கள். சுருங்கி முடித்தபின் 50 மில்லி உள்ளேயே நிற்கும். வெளியே போனது 70. அதுதான் 58 சதவீதம். எந்த இதயமும் அறையைத் துடைத்துக் காலி செய்வதில்லை. நல்ல இதயத்திலேயே 55 முதல் 70 வரைதான் இருக்கும். 40-க்குக் கீழே போனால்தான் இதயம் நன்றாகத் தளர்ந்துவிட்டது என்போம். அளப்பவர் மாறினால் நாலைந்து எண் முன்பின் வரும். அடுத்த தடவை 55 என்று வந்தால் அதற்காகப் பதற வேண்டாம்.

அப்புறம் வால்வு. ஓட்டை இல்லை, கசிவு. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு தோப்பு வைத்திருப்பவருக்குத் தெரியும்: சரியாக மூடாவிட்டால் ஏறிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கும். எம்.ஆர். என்பது இடப்பக்க மைட்ரல் வால்வு வழியாக ரத்தம் மேலறைக்குத் திரும்புவது. டி.ஆர். வலப்பக்கத்து வால்வில். ட்ரிவியல் டி.ஆர். நோயே இல்லாதவர்களிடமும் சாதாரணமாகத் தெரியும், அதை விட்டுவிடலாம்.

எம்.ஆர். எவ்வளவு என்பதைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும். இ.எஃப். கணக்கு, அறையை விட்டு எவ்வளவு போனது என்று பார்க்குமே தவிர, எந்தப் பக்கம் போனது என்று பார்க்காது. கசிவு கடுமையான ஒருவருக்கு அறை வீங்கி 200 மில்லி பிடிக்கிறது, 116 வெளியேறுகிறது என்று வையுங்கள். அதுவும் 58 சதவீதம்தான்! ஆனால் அதில் 60 மில்லி பின்னால் திரும்பிவிட, உடம்புக்குக் கிடைப்பது 56 மட்டுமே. வால்வே கெட்டுக் கசிவு 'சிவியர்' ஆனவருக்கு இ.எஃப். 60-க்கு இறங்கினாலே வால்வு ஆபரேஷன் பற்றிப் பேசுவோம். ஒரே எண்தான், ஆனால் அவருக்கு அது எச்சரிக்கை.

உங்கள் அப்பாவுக்குக் கசிவு 'மைல்டு'. ரிப்போர்ட்டில் இடது மேலறை, கீழறை அளவு 'நார்மல்' என்றும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இந்த எக்கோவைக் காரணம் காட்டிக் குடலிறக்க ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் காட்டினால் போதும். ரத்த அழுத்தம் கூடினால் கசிவும் கூடும், அதைக் கட்டுக்குள் வைத்திருக்கட்டும். மீண்டும் எக்கோ மூன்று முதல் ஐந்து வருடத்தில் போதும். நடக்கும்போது மூச்சு வாங்கினாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் போனாலோ, கால் வீங்கினாலோ உடனே எடுக்க வேண்டும். அப்போது இந்தப் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.