இட்லி கல்லீரலுக்குள் போகாது

கேள்வி: மகளுக்கு உயிரியல் ஒர்க்‌ஷீட். உணவு போகும் பாதையை நொதிகளோடு பாய்வுப் படமாக வரையணும். கடையில் வாங்கின சார்ட்டில் இரைப்பை, கல்லீரல், கணையம், சிறுகுடல் என்று வரிசையாக அம்பு போகிறது. இது சரியா? பித்தநீர் எந்த நொதி?

பதில்: சரியில்லை. அந்த சார்ட்டை ஓரமாக வையுங்கள். விழுங்கிய கவளம் கல்லீரலுக்குள்ளோ கணையத்துக்குள்ளோ நுழைவதே இல்லை. இரண்டும் பக்கத்தில் இருந்துகொண்டு சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடலுக்குச் சாறு அனுப்புகின்றன, அவ்வளவுதான். இந்த ஒரே தப்பைப் பல வருடமாக ஜெராக்ஸ் எடுத்து விற்கிறார்கள். கேட்டால் "இதுக்குத்தான் மேடம் மார்க் போடுறாங்க" என்பார்கள். சில பள்ளிகளில் அதுவும் உண்மைதான் என்பதுதான் கொடுமை.

மகளை இரண்டு வித அம்பு போடச் சொல்லுங்கள். உணவுக்குத் தடித்த அம்பு, மேலிருந்து கீழே. சாறுக்குப் புள்ளிக்கோட்டு அம்பு, பக்கவாட்டில்.

பொடி தொட்ட இட்லியையே எடுத்துக்கொள்வோம். வாயில் உமிழ்நீரின் அமைலேஸ் மாவுச்சத்தை மால்டோஸாக உடைக்கத் தொடங்கும். உணவுக்குழலுக்கு நேராக நொதி எழுத வேண்டாம். கடத்துவது மட்டுமே அதன் வேலை. இரைப்பையின் அமிலத்தில் அமைலேஸ் செயலிழந்துவிடும். அங்கே பெப்சின் உளுந்தின் புரதத்தை உடைக்கும், மாவுச்சத்து காத்திருக்கும். முன்சிறுகுடலில் கணையநீர் வந்து சேர்ந்ததும் அதிலுள்ள அமைலேஸ் மாவுச்சத்தையும், டிரிப்சின் புரதத்தையும், லிப்பேஸ் பொடியில் குழைத்த நல்லெண்ணெயையும் கவனிக்கும். மீதியைச் சிறுகுடலின் சொந்த நொதிகள் முடிக்கும்: மால்டேஸ் குளுக்கோஸைத் தரும், பெப்டிடேஸ் அமினோ அமிலத்தைத் தரும். பெருங்குடலில் நம் நொதி எதுவும் சுரப்பதில்லை, தண்ணீர் உறிஞ்சப்படும்.

இனி பித்தநீர். அது நொதியே இல்லை, அதில் செரிமான நொதியும் கிடையாது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு என்ன செய்கிறதோ அதையே பித்த உப்புகள் குடலில் செய்கின்றன. பெரிய எண்ணெய்த் துளியைப் பொடித் துளிகளாகப் பிரித்துவிடும். எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். துளி சிறிதானதும் லிப்பேஸுக்கு வேலை செய்ய அதிக இடம் கிடைக்கும். கொழுப்பை உண்மையில் உடைப்பது லிப்பேஸ். இன்னொன்று, பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேமித்துச் செறிவாக்கும் பை. சார்ட்டில் "பித்தப்பை சுரக்கும் லிப்பேஸ்" என்று இருந்தால் ஒரே வரியில் இரண்டு தப்பு.

ஒர்க்‌ஷீட்டில் ஒவ்வொரு உறுப்புக்கும் "நொதி" என்று காலிக் கட்டம் விட்டிருப்பார்கள். கேள்வி தயாரித்தவர் யோசிக்கவில்லை, அதற்காகப் பிள்ளை எதையாவது இட்டு நிரப்ப வேண்டாம். கல்லீரலுக்கு நேராக "நொதி இல்லை, பித்தநீர் கொழுப்பைப் பால்மமாக்கும்" என்று எழுதட்டும்.

வரைந்து முடித்ததும் வாயில் விரலை வைத்துத் தடித்த அம்பின் வழியே ஓட்டச் சொல்லுங்கள். விரல் கல்லீரலைத் தொட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி வரையணும்.